திரை இங்கிலீஷுக்கு மாறியது, குரல் மாறவில்லை: தருமபுரியில் ஒரு ஜப்பான் ஆல்ஃபார்ட்

தருமபுரியில் ஒரு குடும்பம் இரண்டாம் கையாக வாங்கிய டொயோட்டா ஆல்ஃபார்ட் பற்றியது இந்த ஆய்வு. 2020-ல் தயாரான 2.5 லிட்டர் பெட்ரோல் வண்டி. ஜப்பானில் ஓடி, பிறகு இந்தியாவுக்கு வந்தது. நடுவில் டொயோட்டாவின் டிஸ்ப்ளே ஆடியோ திரை இருக்கிறது. அதோடு ஜப்பான் வரைபடம் கொண்ட நேவிகேஷனும் சேர்ந்தே வந்திருக்கிறது. வாங்கிய அன்று திரை முழுக்க ஜப்பான் எழுத்து. உள்ளூர் ஆடியோ கடையில் மொழியை இங்கிலீஷுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாளே உரிமையாளர் கடைக்குப் போன் செய்தார்:

"அண்ணா, எழுத்தெல்லாம் இங்கிலீஷ் ஆயிடுச்சு. ஆனா சாவி போட்டதும் ஒரு பொண்ணு ஜப்பான்லயே பேசுது. மேப்ல ஒண்ணுமே இல்ல. போன்ல மேப் போட்டா அந்தச் சத்தம் வண்டி ஸ்பீக்கர்ல வரமாட்டேங்குது. மொழி பாதிதான் மாறிச்சா?"

மொழி பாதி மாறவில்லை. மாறக்கூடியது முழுதாகவே மாறியிருந்தது. அவர் சொன்ன மூன்று குறைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். மூன்றையும் 'மொழிப் பிரச்சினை' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதால்தான் எதுவும் தீராமல் நின்றது.

முதலில், எந்த நாட்டு யூனிட் என்று தெரிந்துகொள்வது

பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர விதி இறுக்கமானது. தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் இருக்க வேண்டும். துபாய், ஜெர்மனி, அமெரிக்க வண்டிகள் ஸ்டியரிங் கணக்கிலேயே கழிந்துவிடும். மிச்சமிருப்பவை பெரும்பாலும் ஜப்பான், இங்கிலாந்து, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா போன்ற இடங்களிலிருந்து வருபவை. இவற்றில் மொழித் தலைவலி தருவது ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கென்றே செய்த வண்டிதான்.

அதைக் கண்டுபிடிக்கத் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, ஆர்.சி. புத்தகமே போதும். இந்தியாவில் 2020 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த டொயோட்டா வெல்ஃபயர் போன்ற ஏற்றுமதி வண்டிகளுக்குச் சேஸிஸ் எண் 17 இலக்கம் இருக்கும். ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு அது கிடையாது. மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, அதன்பின் வரிசை எண் என்று குட்டையாக இருக்கும். இந்த ஆல்ஃபார்ட்டின் எண் `AGH30-` என்று தொடங்குகிறது. ஹைப்ரிட் என்றால் `AYH30-`. இப்படிக் குட்டையான எண்ணைப் பார்த்தால், வண்டிக்குள் இருக்கும் ரேடியோ, வரைபடம், டோல் கருவி, கடிகாரம் எல்லாம் ஜப்பானுக்கென்று அமைத்தவை என்று முடிவு செய்துகொண்டே பேரம் பேசலாம்.

இன்னொரு அடையாளம் கடிகாரம். ஜப்பான் நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் ஓடும். தருமபுரியில் காலை 9 மணிக்கு இந்த வண்டியின் திரை 12:30 காட்டிக்கொண்டிருந்தது. மொழியை இங்கிலீஷாக்கிய பிறகும் அதே 12:30-தான். திரை மொழியும் வண்டி நினைத்துக்கொண்டிருக்கும் நாடும் வேறு வேறு என்பதற்கு இதைவிட எளிய சாட்சி இல்லை. ஜி.பி.எஸ். வழியாகத் தானே நேரத்தைத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டுக் கையால் மணி வைக்க முடிந்தால் கடிகாரம் சரியாகிவிடும். சில யூனிட்டில் அதை அணைக்கவே வழி இருக்காது. அங்கே மூன்றரை மணியைக் கழித்துப் படிப்பதுதான் வழி.

மொழி மாற்றும் படி

படிக்கத் தெரியாத எழுத்தில் மெனுவைத் தேடுவது பலருக்கும் பயம். ஆனால் அடையாளம் காண வேண்டியவை சில எழுத்துகள்தான். `設定` என்றால் அமைப்புகள். `言語` என்றால் மொழி. `日本語` என்பது ஜப்பான் மொழி; இப்போது எது தேர்வாகி இருக்கிறது என்பதை இது காட்டும். `戻る` என்றால் பின்னால் போ. `はい` ஆம், `いいえ` இல்லை. இவற்றை ஒரு தாளில் பெரிதாக அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். போனின் மொழிபெயர்ப்புக் கேமராவும் உதவும். ஆனால் திரையின் பளபளப்பில் அது சில நேரம் தப்பாகப் படிக்கும், எனவே எழுத்து வடிவத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தொடவும்.

இந்த வண்டியில் மெனுவிலிருந்து `設定・編集` போய், பொது அமைப்புகளுக்குள் `言語` தொட்டால் இரண்டே தேர்வு வருகிறது: `日本語`, `English`. இரண்டாவதைத் தொட்டால் வேலை முடிந்தது. வண்டி நின்ற நிலையில், பார்க்கிங்கில் வைத்துச் செய்ய வேண்டும்.

தொடக்கூடாத எழுத்து ஒன்று உண்டு: `初期化`. எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோவது என்று பொருள். மொழி மாற்றும் வழி என்று நினைத்து இதை அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். அழுத்தினால் யூனிட் ஜப்பான் மொழிக்கே திரும்பும், ஏற்கெனவே இங்கிலீஷ் வைத்திருந்தாலும் அது போய்விடும். பழைய உரிமையாளரின் போன் இணைப்பும் முகவரிகளும் போக வேண்டும் என்றால் `初期化` செய்வது நியாயம்தான். ஆனால் அதை முதலில் முடித்துவிட்டு, அதற்குப் பிறகு மொழியை மாற்ற வேண்டும். வரிசை மாறினால் செய்த வேலையையே மறுபடி செய்ய நேரும்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள மீட்டர் திரை தனி யூனிட். நடுத்திரையில் மொழி மாற்றினால் அது மாறாது. மீட்டரின் சொந்த அமைப்பில் `言語` இருந்தால் ஸ்டியரிங் பட்டனால் அங்கே தனியாக மாற்றலாம். எல்லா மாடலிலும் அந்த வரி இருப்பதில்லை, இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

எழுத்து மாறும், குரல் ஏன் மாறாது

திரையில் தெரியும் மெனு வார்த்தைகள் ஒரு சின்னப் பட்டியல். 'ஆடியோ', 'போன்', 'திரும்பு' மாதிரி வார்த்தைகளை இரண்டு மொழியில் எழுதி வைத்துவிட்டால், ஒரு பட்டனில் பட்டியல் மாறிவிடும். நேவிகேஷன் குரல் அப்படிப்பட்ட சமாச்சாரம் இல்லை. அதற்கு அந்த மொழியில் பேசத் தெரிந்த குரல் மென்பொருள் வேண்டும். கூடவே, வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு சாலை, சந்திப்பு, ஊர்ப் பெயரையும் எப்படி உச்சரிப்பது என்ற தகவலும் வரைபடத்தோடு சேர்ந்து இருக்க வேண்டும். ஜப்பானில் விற்கும் நேவிகேஷனில் ஜப்பான் வரைபடமும் ஜப்பான் உச்சரிப்பும் மட்டுமே இருக்கின்றன. இங்கிலீஷ் குரல் உள்ளே வைக்கப்படவே இல்லை. எனவே மறைந்திருக்கும் பட்டன் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்த ஆல்ஃபார்ட்டில் இங்கிலீஷ் வைத்த பிறகு ஆடியோ, போன், புளூடூத், அமைப்புகள் எல்லாம் இங்கிலீஷில் வந்தன. நேவிகேஷன் பக்கத்தைத் திறந்தால் அங்கே மட்டும் பழையபடி ஜப்பான் எழுத்து. ஸ்டியரிங்கின் பேசும் பட்டனை லேசாக அழுத்தினால் வண்டியின் சொந்தக் குரல் கட்டளை ஜப்பான் மொழியில்தான் பதில் சொல்கிறது. இங்கிலீஷில் கேட்டால் அதற்குப் புரிவதில்லை.

வரைபடம் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் மொழியே இல்லை. ஜி.பி.எஸ். சரியாகவே வேலை செய்கிறது, வண்டி தருமபுரியில் இருப்பது யூனிட்டுக்குத் தெரியும். ஆனால் கையில் உள்ள வரைபடம் ஜப்பானோடு முடிகிறது. வரைபடத்துக்கு வெளியே நிற்கும் வண்டிக்கு வழி போட முடியாது. வழி இல்லாவிட்டால் 'இடப்பக்கம் திரும்பவும்' என்று சொல்ல அதற்கு எதுவும் இல்லை. ஜப்பான் மொழியிலேயே வைத்திருந்தாலும் தருமபுரியில் இந்த நேவிகேஷன் வழி சொல்லியிருக்காது. மொழி மாற்றிய கடைக்காரர் குரலைக் கெடுத்துவிட்டார் என்று உரிமையாளர் நினைத்தது இயல்புதான், ஆனால் அங்கே கெட எதுவும் இருக்கவில்லை.

இங்கிலாந்திலிருந்து வந்த ஐரோப்பிய வண்டிகளில் நடப்பது வேறு. அவற்றில் பல மொழிகள் உள்ளேயே இருக்கும். மொழியை மாற்றினால் வழிகாட்டிக் குரலும் கூடவே மாறும், குரல் கோப்பு ஏற்றப்படும் வரை கொஞ்ச நேரம் குரல் வேலை செய்யாது. அந்த நேரத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு 'குரல் போய்விட்டது' என்று சொல்வது அங்கே வழக்கமான குழப்பம். எழுத்துக்கு மட்டும் ஆதரவு இருந்து குரலுக்கு ஆதரவு இல்லாத மொழிகளும் அந்தப் பட்டியலில் இருக்கும். ஒரு வண்டியில் பார்த்த அனுபவத்தை மற்றதற்குப் பொருத்திப் பார்த்தால் ஏமாற்றம்தான் வரும்.

அப்படியானால் பேசுவது யார்?

உரிமையாளர் சொன்ன 'சாவி போட்டதும் பேசும் பொண்ணு' நேவிகேஷனே இல்லை. அது டோல் கருவி.

ஜப்பான் வண்டிகளில் சுங்கச்சாவடிக்கு ஈ.டி.சி. என்ற பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு கார்டு செருக வேண்டும். கார்டு இல்லாமல் வண்டியைக் கிளப்பினால் ஒவ்வொரு முறையும் அது நினைவூட்டும்: `ETCカードが挿入されていません`. காதில் விழுவது 'ஈ-டீ-சீ காடோ கா சோன்யூ சரெதே இமாசென்' என்பதுபோல இருக்கும். கார்டு செருகவில்லை என்பதே செய்தி. வண்டி கிளம்பியவுடன் ஒரே வாக்கியம், எப்போதும் அதே வாக்கியம், தொடக்கத்தில் 'ஈ-டீ-சீ' என்று தெளிவாகக் கேட்டால் சந்தேகமே வேண்டாம். சில யூனிட்டில் நேவிகேஷனும் தன் பங்குக்கு அன்றைய தேதி, கிழமையைச் சொல்லும். அது நாளுக்கு நாள் மாறும் வாக்கியம், எனவே இரண்டையும் பிரித்துவிடலாம்.

இந்தக் கருவிக்கு இங்கே எந்த வேலையும் இல்லை. ஜப்பான் முறை 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் பேசுவது, நம் ஃபாஸ்டேக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் ஸ்டிக்கர். கிருஷ்ணகிரி டோலும் தொப்பூர் பக்கத்துப் பாளையம் டோலும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை மட்டுமே படிக்கும்.

பேசுவதை நிறுத்த முதலில் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் டேஷ்போர்டின் கீழ்ப்பக்கம், ஓட்டுநரின் முழங்கால் அருகே, அல்லது குளோவ் பாக்ஸுக்குள் இருக்கும். கார்டு நுழையும் மெல்லிய வாயும் ஒரு சின்ன விளக்கும் அடையாளம். பல பெட்டிகளில் ஒலி அளவுக்கென்றே ஒரு பட்டன் உண்டு, அதைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் குரல் அணையும். இந்த ஆல்ஃபார்ட்டில் அப்படியே தீர்ந்தது. பட்டன் இல்லாவிட்டால் வண்டியை முழுதாக அணைத்துவிட்டு, பெட்டியின் பின்னால் உள்ள கனெக்டரை மட்டும் கழற்றி டேப் சுற்றி வைக்கலாம். ஒயரை வெட்டக் கூடாது. அதே மின் இணைப்பிலிருந்து வேறு கருவிக்கும் கிளை போயிருக்கலாம், வெட்டிய பிறகு எது எங்கே போனது என்று தேடுவது பெரிய வேலை. நேவிகேஷனோடு இணைந்த மாடல் என்றால் கனெக்டரைக் கழற்றியதும் திரையில் எச்சரிக்கை வரலாம். அப்போது மறுபடி செருகிவிட்டு, ஒலியை அமைப்புகளுக்குள் அணைக்கப் பார்ப்பதே நல்லது.

தமிழில் வழி சொல்ல வைப்பது

வண்டியின் நேவிகேஷனை மறந்துவிட்டு, போனில் உள்ள கூகுள் மேப்ஸை ஆண்ட்ராய்டு ஆட்டோ வழியாகத் திரைக்குக் கொண்டுவருவதே இங்கே நடைமுறைக்கு ஒத்த வழி. இந்த யூனிட் ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் ஆப்பிள் கார்ப்ளேயையும் ஏற்றுக்கொள்கிறது. அப்போது திரை வெறும் டி.வி. போலத்தான்: படமும் குரலும் போனிலிருந்து வருகின்றன, மொழியைத் தீர்மானிப்பதும் போன்தான். வண்டித் திரை ஜப்பான் மொழியிலேயே இருந்தாலும் வழிகாட்டி தமிழில் பேசும். எனவே வழிகாட்டிக் குரலுக்காக மட்டும் வண்டியின் மொழியை மாற்றத் தேவையே இல்லை.

உரிமையாளர் போனில் மேப் போட்டும் சத்தம் வராததற்கு என்ன காரணம்? அவர் கேபிளைப் பின் இருக்கைப் பக்கத்து யு.எஸ்.பி.யில் செருகியிருந்தார். அது சார்ஜுக்கு மட்டும் உள்ள துளை. போன் சார்ஜ் ஆனது, ஆனால் திரைக்குத் தரவு போகவில்லை. முன்பக்கம் திரையோடு இணைந்த துளை ஒன்று தனியாக இருக்கிறது. அதில் தரவு போகும் நல்ல கேபிளைச் செருகியதும் ஆண்ட்ராய்டு ஆட்டோ திரையில் வந்தது. முதல் முறை இணைக்கும்போது வண்டி நிற்க வேண்டும், போன் பூட்டுத் திறந்திருக்க வேண்டும், போனில் வரும் அனுமதிகள் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொல்ல வேண்டும். போன் சார்ஜ் ஆகிறது, திரையில் எதுவும் வரவில்லை என்றால் துளையையோ கேபிளையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அந்த இடைப்பட்ட நாளில் அவர் புளூடூத்தில் இணைத்திருந்தார், ரேடியோவை ஓட விட்டிருந்தார். புளூடூத் வழியில் மேப்ஸின் குரல் பாட்டு ஓடும் அதே வழியாகத்தான் வருகிறது. ஸ்பீக்கர் ரேடியோவில் இருந்தால் அந்தக் குரல் எங்கும் கேட்காது. ஆண்ட்ராய்டு ஆட்டோ இல்லாத பழைய யூனிட்டில் புளூடூத்தை நம்பியே ஓட்ட வேண்டும் என்றால், மேப்ஸின் நேவிகேஷன் அமைப்பில் `Play voice over Bluetooth` இயக்கத்தில் இருக்க வேண்டும், வண்டியில் ஆடியோ மூலமும் புளூடூத்தாக இருக்க வேண்டும். அப்படியும் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல் விழுங்கப்படுவது உண்டு. ஸ்பீக்கர் விழித்துக்கொள்ள அரை நொடி ஆவதால் அப்படி. பின்னணியில் மெல்லிசாகப் பாட்டு ஓடவிட்டால் அந்தக் குறை போய்விடும்.

சரியான துளையில் செருகிய பிறகு குரல் வந்தது, ஆனால் இங்கிலீஷில். குரலைத் தமிழுக்கு மாற்ற, மேப்ஸில் சுயவிவரப் படத்தைத் தொட்டு, `Settings` திறந்து, நேவிகேஷன் பகுதியில் `Voice selection` போய் தமிழைத் தேர்வு செய்ய வேண்டும். மேப்ஸின் மொழியும் வழிகாட்டிக் குரலின் மொழியும் தனித்தனி அமைப்புகள் என்பதைக் கவனிக்கவும். மேப்ஸ் இங்கிலீஷிலும் குரல் தமிழிலும் இருந்தால், தமிழ்க் குரல் இங்கிலீஷ் எழுத்தில் உள்ள ஊர்ப் பெயர்களைப் படிக்க வேண்டியிருக்கும், அப்போது காவேரிப்பட்டினமும் பாலக்கோடும் கொஞ்சம் தடுமாறியே வெளிவரும். பெயரும் நேராக வர வேண்டுமானால் மேப்ஸின் மொழியையும் தமிழாக்குவது நல்லது.

குரல் வருகிறது, ஆனால் மெல்லிசாக வருகிறது என்பது அடுத்த புகார். பாட்டின் ஒலியும் வழிகாட்டியின் ஒலியும் வெவ்வேறு அளவில் சேமிக்கப்படுகின்றன. பாட்டு ஓடும்போது குமிழைத் திருகினால் பாட்டுதான் கூடும். வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிக்குள் குமிழைத் திருகினால்தான் அதன் அளவு கூடும். தருமபுரி பேருந்து நிலையப் பக்கம் அடுத்தடுத்துத் திருப்பம் உள்ள தெருவில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் இதைச் செய்தால் ஒரே சுற்றில் முடிந்துவிடும். அதிலும் கேட்காவிட்டால் மேப்ஸ் திரையில் ஸ்பீக்கர் படம் ஊமையாகவோ எச்சரிக்கை மட்டும் என்ற நிலையிலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒகேனக்கல் சாலையில் சோதனை

வீட்டு வாசலில் தமிழ்க் குரல் வந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினால் போன் சிக்னல் விட்டு விட்டு வரும். குரல் இணையத்தை நம்பி இருந்தால் அங்கே தமிழ் திடீரென்று நின்றுபோகலாம், அல்லது போனில் ஏற்கெனவே இருக்கும் வேறு குரல் பேசத் தொடங்கலாம். வண்டியில் ஏதோ கோளாறு என்று தோன்றும் இடம் இது. உண்மையில் தமிழ்க் குரல் கோப்பு போனில் இறங்கவில்லை.

இதை வீட்டிலிருந்தே முன்கூட்டிச் சரிசெய்யலாம். போனின் அமைப்பில் எழுத்தை ஒலியாக்கும் `Text-to-speech` பகுதியைத் தேடி, கூகுளின் குரல் சேவையில் தமிழ்க் குரல் கோப்பை வைஃபையில் இறக்கிக்கொள்ள வேண்டும். மேப்ஸில் தருமபுரி, பென்னாகரம், ஒகேனக்கல் பகுதியை இணையமில்லாமலும் திறக்கும்படி இறக்கி வைக்க வேண்டும். பிறகு வழி போட்டு வண்டியைக் கிளப்பிச் சற்றுத் தூரம் போனதும், பக்கத்தில் இருப்பவர் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். அடுத்த திருப்பத்திலும் தமிழிலேயே சொன்னால் காட்டுக்குள்ளும் சொல்லும். வேறு மொழிக்குத் தாவினால் கோப்பு இறங்கவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சேலம் பக்கம் தொப்பூர்க் கணவாயில் இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த இறக்கத்தில் அமைப்பைத் தொட்டுக்கொண்டிருக்க நேரமே இல்லை. குரல், ஒலி அளவு, வழி மூன்றையும் பாளையம் டோலுக்கு முன்பே ஓரமாக நிறுத்திச் சரிபார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

மாற்ற முடியாதவை, மாற்றக் கூடாதவை

எஃப்.எம். ரேடியோ இதில் முதல். ஜப்பான் எஃப்.எம். 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 95-க்குள் முடிகிறது, நம்முடையது 108 வரை போகும். 102.5-ல் இருக்கும் தருமபுரி வானொலியை இந்த ட்யூனர் எட்டவே எட்டாது. அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும் சின்னக் கருவியை ஆண்டெனா ஒயரில் செருகினால் சில நிலையங்கள் கிடைக்கும், ஆனால் திரையில் தெரியும் எண் உண்மையான எண்ணாக இருக்காது. போனிலிருந்து கேட்பதே தெளிவு.

கூரையில் அவசர உதவிப் பட்டன் இருந்தால் அது ஜப்பானின் மொபைல் வலையமைப்பை நம்பியது. மொழி மாறினாலும் அது இங்கே யாரையும் அழைக்காது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி, 112-ஐ நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

'முழுசா இங்கிலீஷ் சாஃப்ட்வேர் ஏத்தித் தர்றேன்' என்று சொல்பவரிடம் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். இந்தத் திரை பாட்டுக்கு மட்டும் இல்லை. பின்பக்கக் கேமராவும் வண்டியின் பல அமைப்புகளும் இதன் வழியாகவே வருகின்றன. வேறு நாட்டு மென்பொருளை ஏற்றும்போது பாதியில் நின்றால் கேமரா உட்பட எல்லாம் இருண்டுவிடும், இங்கே அதை மீட்டுத் தர ஆள் கிடைப்பது கடினம். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை மாற்றி வைப்பதிலும் இதே கேள்விதான்: கேமராவும் ஸ்டியரிங் பட்டனும் அதன் பிறகும் வேலை செய்யுமா என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கையை வைக்க விட வேண்டும். போன் வழியாகத் தமிழ்க் குரல் கிடைத்துவிட்ட பிறகு இந்த ஆபத்தை ஏற்க இந்த வண்டியில் எந்த அவசியமும் இருக்கவில்லை, அதனால் அந்தப் பேச்சு அங்கேயே கைவிடப்பட்டது.

டிஸ்ப்ளே ஆடியோவுக்கு முந்தைய டொயோட்டா வண்டிகளில், `NSZT` என்று தொடங்கும் மாடல் எண் கொண்ட நேவிகேஷன் இருந்தால் எச்சரிக்கை இன்னும் கூடுதல். அவற்றில் பெரும்பாலானவற்றில் மொழி மாற்றும் வரியே இல்லை. வரைபடம் ஒரு எஸ்.டி. கார்டில் இருக்கும். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் யூனிட் பூட்டிக்கொண்டு, திரையில் `地図SDカード` என்ற சொல் வரும். வரைபடக் கார்டைக் கேட்கிறது என்று பொருள். கார்டு தொலைந்திருந்தால், அல்லது பாஸ்வேர்ட் கேட்டு அது தெரியாவிட்டால், ரேடியோகூடப் பாடாது. ஜப்பான் வரைபடம் நமக்கெதற்கு என்று அந்தக் கார்டை எடுத்துப் போனில் போட்டு ஃபார்மட் செய்துவிடுபவர்கள் உண்டு, அதற்குப் பிறகு செய்ய அதிகம் இருக்காது. கார்டை அதன் இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பேட்டரி மாற்றும் கடையில் முன்கூட்டியே சொல்லி, பழைய பேட்டரியைக் கழற்றும் முன் வேறொரு 12 வோல்ட் இணைப்பை டெர்மினலில் கொடுத்து, புதியது மாட்டி முடியும் வரை மின்சாரம் அறுபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். டிஸ்ப்ளே ஆடியோ உள்ள இந்த ஆல்ஃபார்ட்டுக்கும் அதே முறையைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறது.